அப்பா வீட்டுக்கு வரியா, அந்த வீட்டு வாடகைக்கு வரியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர், ஒரு நாள் காலையில் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். கடிதம் அவருடைய அப்பா பெயருக்கு வந்திருந்தது. அப்பா 2023 நவம்பரில் இறந்துவிட்டார். "இன்னா தம்பி இது, செத்ததுக்கும் வரி போடறாங்களா? வீடு எங்களுக்கு வந்ததுக்குத்தான் கேக்கறாங்களா?" என்றார். உட்கார்ந்த பிறகு இன்னொரு பயத்தையும் சொன்னார். அவருடைய அக்கா 12 வருடமாக லண்டனில் இருக்கிறார். "அங்க வாரிசு சொத்துல 40 பர்சன்ட் புடுங்கிக்குவாங்களாமே, அக்கா பங்கு போயிடுமா?"

வருமான வரிக் கணக்கு போட்டுத் தரும் வேலையில் இருப்பதால் இந்த இரண்டு கேள்விகளையும் நான் அடிக்கடி கேட்கிறேன். 2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி பற்றி டிவியில் பேச்சு ஓடிய பிறகு இன்னும் அதிகமாகவே கேட்கிறேன். சொத்து கை மாறுவதற்குப் போடும் வரியும், கை மாறிய சொத்து சம்பாதித்துத் தருவதற்குப் போடும் வரியும் நம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அந்தக் குடும்பத்தின் கணக்கையே எடுத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அரை கிரவுண்டில் பழைய மாடி வீடு. அப்பா 1988இல் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கியது. கீழே அண்ணன் குடும்பம் இருந்தது. மேலே இரண்டு போர்ஷன், இரண்டுக்கும் சேர்த்து மாதம் 20 ஆயிரம் வாடகை. வங்கியில் அப்பா பெயரில் 20 லட்சம் எஃப்.டி. அம்மா முன்பே காலமாகிவிட்டார். உயில் இல்லை. அதனால் வாரிசுச் சான்றிதழில் இரண்டே பேர், அக்காவும் தம்பியும், ஆளுக்குப் பாதி.

முதலில் அந்தக் கடிதம். அது வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. எஃப்.டி. வட்டி ஆண்டுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. அப்பா இறந்ததை வங்கியில் சொல்லாததால் வட்டி அவருடைய பான் எண்ணிலேயே ஏறிக்கொண்டிருந்தது. வங்கியும் 10 சதவீதம் பிடித்து அதே பான் எண்ணில் கட்டியிருந்தது. ஆனால் அந்த பான் எண்ணில் யாரும் கணக்கு தாக்கல் செய்யவில்லை. வருமானம் தெரிகிறது, ரிட்டர்னைக் காணோம் என்பதுதான் கடிதத்தின் சாரம். வருமான வரித் தளத்தில் அப்பாவின் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்தால் இது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம் சட்டப்படி, அப்பா இறந்த அன்று அந்த வீடும் 20 லட்சமும் பிள்ளைகளுக்கு வந்ததற்கு ஒரு ரூபாய் கூட வரி கிடையாது. வெளியாள் ஒருவர் ஆண்டில் 50 ஆயிரத்துக்கு மேல் அன்பளிப்பாகத் தந்தால் அதை வருமானமாகச் சேர்க்கும் அதே சட்டம், உயில் மூலமோ வாரிசு உரிமையிலோ வருவதை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அடுத்த நாள் காலையிலிருந்து அந்தப் பணம் தரும் வட்டியும், அந்த வீடு தரும் வாடகையும் பிள்ளைகளின் வருமானம். அப்பா எப்படி வரிக் கணக்கில் காட்டியிருக்க வேண்டுமோ, அப்படியே இவர்களும் காட்ட வேண்டும்.

இறந்த ஆண்டுக்கு மட்டும் கணக்கை நடுவில் வெட்ட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அவர் இறந்த நாள் வரைக்குமான வாடகையும் வட்டியும் அப்பாவின் வருமானம். அதற்கு வாரிசுகளில் ஒருவர் வரித் தளத்தில் சட்டப்படியான வாரிசாகத் தன்னைப் பதிவு செய்துகொண்டு, அப்பா சார்பில் கடைசி ரிட்டர்னைப் போட வேண்டும். அப்பா பாக்கி வைத்த வரி ஏதாவது இருந்தால் அதையும் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு நின்றுவிடும், பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. இதைச் சொன்னதும் அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவர் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

மேல் போர்ஷன்களின் வாடகைக் கணக்கையும் அன்றே போட்டோம். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அந்தப் பகுதிக்கான மாநகராட்சிச் சொத்துவரி 4 ஆயிரத்தைக் கழித்தால் 2 லட்சத்து 36 ஆயிரம். அதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகச் சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்கிறது. பெயின்ட் அடித்தீர்களா, குழாய் மாற்றினீர்களா என்று ரசீது கேட்பதில்லை. மீதி 1 லட்சத்து 65 ஆயிரத்து 200. ஆளுக்குப் பாதி, 82 ஆயிரத்து 600. வாடகையை மாதாமாதம் வாங்குவது அண்ணன்தான். அதனால் முழுத் தொகையையும் தன் கணக்கில் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தார். யார் கையில் வாங்குகிறார் என்பது இங்கே கேள்வியே இல்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாத வரை, பாதி வாடகை அக்காவின் வருமானம்தான்.

அப்புறம் லண்டன். இங்கிலாந்தில் வாரிசு வரி உண்டு, விகிதம் 40 சதவீதம், இரண்டும் உண்மை. ஆனால் அந்த வரி வாரிசைப் பார்ப்பதில்லை, இறந்தவரையும் அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தையும் பார்க்கிறது. இறந்தவர் அங்கே நீண்ட காலம் வசித்தவராக இருந்தால், உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் அது கணக்கில் வரும். 2025 ஏப்ரல் முதல், கடந்த 20 ஆண்டுகளில் 10 ஆண்டு அங்கே வசித்திருந்தாரா என்பதே பொதுவான அளவுகோல். அங்கே வசிக்காதவராக இருந்தால் அங்கே உள்ள சொத்துக்கு மட்டும் வரி. இந்த அப்பா வண்ணாரப்பேட்டையிலேயே பிறந்து, வாழ்ந்து, இறந்தவர். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு பென்னி கூடக் கிடையாது. அதனால் மகள் லண்டனில் இருக்கிறார் என்பதற்காக இந்த வீட்டின் மேல் அந்த 40 சதவீதம் வராது.

சரி, அதே அப்பா லண்டனில் வாழ்ந்து, அங்கே ஒரு வீட்டை விட்டுவிட்டு இறந்திருந்தால்? அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்பது அப்போதுதான் புரியும். ஒவ்வொருவருக்கும் 3 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு வரை வரி இல்லை. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போனால் மேலும் 1 லட்சத்து 75 ஆயிரம். முன்பே இறந்த மனைவி பயன்படுத்தாமல் விட்ட வரம்பையும் கணவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 10 லட்சம் பவுண்டு. வீட்டின் மதிப்பு 11 லட்சம் பவுண்டு, வேறு சொத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 1 லட்சம், அதற்கு 40 சதவீதம், 40 ஆயிரம் பவுண்டு வரி. மொத்த மதிப்பில் பார்த்தால் இது 4 சதவீதத்துக்கும் குறைவு. சொத்தில் 40 சதவீதம் போய்விடும் என்ற பேச்சில் காணாமல் போவது இந்த வரம்புதான்.

கட்ட வேண்டிய நேரம்தான் அங்கே உண்மையான நெருக்கடி. இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும். வீட்டை விற்காமல், அது ஒரு ரூபாய் சம்பாதித்துத் தருவதற்கு முன்பே, கையிலிருந்து பணம் போக வேண்டும். வீடு என்பதால் பத்து ஆண்டுத் தவணை கேட்கலாம், அதற்கு வட்டி சேரும். வருமான வரியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. வாடகை வந்த பிறகுதான் வாடகைக்கு வரி. காலி வீட்டை வாரிசாகப் பெற்றவருக்கு வாரிசு வரி உண்டு, ஆனால் வருமானம் இல்லை. நன்றாக வாடகை வரும் சின்ன வீட்டைப் பெற்றவருக்கு வாரிசு வரி வரம்புக்குள் அடங்கிவிடலாம், வாடகைக்கு வருமான வரி ஆண்டுதோறும் தொடரும். ஒன்று மதிப்பைப் பார்த்து ஒரே முறை வருவது, இன்னொன்று வரவைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வருவது.

அக்காவுக்கு வாரிசு வரி இல்லை என்பதால் அங்கே எதுவுமே இல்லை என்று ஆகிவிடாது. லண்டன்வாசியாக அவர் உலக வருமானத்தை அங்கே காட்ட வேண்டும். வண்ணாரப்பேட்டை வாடகையில் அவருடைய பாதியும் அதில் வரும். இந்தியாவில் அவருடைய மொத்த வருமானமே வரம்புக்குள் இருப்பதால் இங்கே வரி இல்லை, அங்கே காட்டியாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பல பிள்ளைகள் இதில்தான் தவறுகிறார்கள். சொத்து வந்ததற்கு வரி இல்லை என்று கேட்டதை, அந்தச் சொத்து தருவதற்கும் வரி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வீட்டை விற்றபோது நடந்தது. 2025 மே மாதம் இருவரும் சேர்ந்து 90 லட்சத்துக்கு வீட்டை விற்றார்கள். அப்பா இறந்த சமயத்தில் அதன் சந்தை மதிப்பு 85 லட்சம். அண்ணன் போட்டுவைத்திருந்த கணக்கு இதுதான்: "எங்க கைக்கு வரும்போது 85, விக்கும்போது 90, லாபம் அஞ்சு லட்சம். அதுக்குத்தானே வரி?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வாரிசாக வந்த சொத்தை விற்றால், அப்பா வாங்கிய விலைதான் பிள்ளை வாங்கிய விலை. அப்பா வைத்திருந்த காலமும் பிள்ளையின் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்து என்றால், பழைய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கினோம். 2001 மதிப்பு 8 லட்சம் என்று வந்தது.

ஆகவே ஆதாயம் 90இல் 8 போக 82 லட்சம். ஆளுக்கு 41 லட்சம். அதற்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி 5 லட்சத்து 12 ஆயிரத்து 500. 4 சதவீத செஸ் சேர்த்து 5 லட்சத்து 33 ஆயிரம். விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் கட்டும் பழைய முறை இங்கே வசிக்கும் அண்ணனுக்கு இன்னும் திறந்திருக்கிறது, அதையும் போட்டுப் பார்த்தோம். 8 லட்சம் அந்தக் குறியீட்டில் 30 லட்சத்து 8 ஆயிரம் ஆகிறது. அவர் பங்குக்கு வரி ஏறக்குறைய 6 லட்சம் வந்தது. அதனால் 12.5 சதவீதமே லாபம். விற்ற பணத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் இந்த வரியிலிருந்து விலக்கு கேட்கலாம். அண்ணன் இப்போது தண்டையார்பேட்டையில் ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இறந்த தேதி மதிப்பை வைத்து 5 லட்சம் லாபம் என்று ரிட்டர்ன் போட்டிருந்தால், பத்திரப் பதிவுத் தகவல் துறைக்குப் போனதும் கேள்வி வந்திருக்கும். பாக்கி வரியோடு வட்டியும், வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான அபராதமும் சேர்ந்திருக்கும். நான் பார்த்த வாரிசுச் சொத்து வழக்குகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

இதே விற்பனையை அக்கா லண்டனில் காட்டும்போது கணக்கு தலைகீழாகிறது. இங்கிலாந்துச் சட்டப்படி, வாரிசாக வந்த சொத்தின் அடக்க விலை அப்பா இறந்த அன்றைய சந்தை மதிப்புதான். அதாவது அண்ணன் இங்கே தவறாகப் போட்ட கணக்கு அங்கே சரி. ரூபாயில் பார்த்தால் அவருடைய பாதியில் ஆதாயம் வெறும் இரண்டரை லட்சம். அந்தந்தத் தேதியின் மாற்று மதிப்பில் பவுண்டாக்கினால் அதுவும் இல்லை, இடையில் பவுண்டின் விலை ஏறியிருந்ததால் சிறு நஷ்டம்தான். ஒரே வீடு, ஒரே நாள், ஒரே பாதி. சென்னையில் 41 லட்சம் லாபம், லண்டனில் லாபமே இல்லை. இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அங்கே வரியே விழவில்லை என்றால் எதில் கழிப்பது? அந்த 5 லட்சத்து 33 ஆயிரமும் அக்காவுக்கு முழுச் செலவுதான்.

ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தால் இரண்டு வரிகளுக்கும் உள்ள உறவு தெரியும். இங்கிலாந்து சாவின்போது சொத்தின் முழு மதிப்பையும் ஒரு முறை எடைபோட்டுப் பார்க்கிறது. அந்த மதிப்புக்குள் அப்பா காலத்து லாபமும் அடக்கம். அதனால் அந்தப் பழைய லாபத்தின் மேல் மறுபடி மூலதன ஆதாய வரி போடாமல், கணக்கை இறந்த தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. இந்தியா சாவின்போது எதுவும் கேட்பதில்லை. கேட்காத அந்த லாபம் மறைந்துபோவதும் இல்லை, வீட்டோடு ஒட்டிக்கொண்டு பிள்ளைக்கு வருகிறது. என்றைக்கு விற்கிறோமோ அன்றைக்கு, அப்பாவின் காலத்தில் ஏறிய மதிப்புக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். விற்காமல் பேரன் வரைக்கும் போனாலும் அந்தப் பழைய அடக்க விலை கூடவே வரும். நம் ஊரில் வாரிசு வரி இல்லை என்பது உண்மை. அதனால் பெற்றோர் காலத்து லாபம் வரியே இல்லாமல் போய்விட்டது என்பது உண்மை இல்லை.

இரண்டையும் ஒருசேர விதிக்கும் நாடும் உண்டு. ஜப்பானில் வாரிசு வரி 10 முதல் 55 சதவீதம் வரை. அங்கே வரி இறந்தவர் சொத்தின் மேல் இல்லை, வாங்குகிற ஒவ்வொரு வாரிசின் மேலும். இந்த அக்கா நிரந்தர வசிப்புரிமையோடு ஜப்பானில் இருந்திருந்தால், வண்ணாரப்பேட்டை வீட்டுப் பங்கும் அந்த நாட்டு வாரிசு வரிக் கணக்கில் வந்திருக்கும். அடிப்படை விலக்கு 3 கோடி யென், அதோடு ஒவ்வொரு வாரிசுக்கும் 60 லட்சம் யென். விற்கும்போது இந்தியாவைப் போலவே அப்பா வாங்கிய விலைதான் அடக்க விலை. இரண்டு வரியும் ஒரே லாபத்தின் மேல் விழுவது கடுமை என்பதால், குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் கட்டிய வாரிசு வரியின் ஒரு பகுதியை அடக்க விலையில் சேர்த்துக்கொள்ள விடுகிறார்கள். நம்மவர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில் 2008இலும் மலேசியாவில் 1991இலும் இந்த வகை வரியை எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் 1953 முதல் எஸ்டேட் டியூட்டி என்ற பெயரில் இந்த வகை வரி இருந்தது. இந்தத் தெருக்களில் வயதானவர்கள் சிலருக்கு அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. ஆனால் ஆண்டு வசூல் சுமார் 20 கோடிதான். ஒரே சொத்துக்குச் செல்வ வரிச் சட்டமும் இதுவும் என இரண்டு சட்டங்கள் மக்களை அலைக்கழிக்கின்றன, வசூலிக்கும் செலவும் அதிகம் என்று சொல்லி, நிதியமைச்சர் வி.பி. சிங் 1985 பட்ஜெட்டில் அதை நீக்கினார். 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்கு அந்த வரி இல்லை. அந்தச் செல்வ வரியும் 2015 பட்ஜெட்டோடு போய்விட்டது. சொத்துள்ளவர் மேல் போடும் வரி அவ்வளவு குறைவாக வசூலானதற்கு வரியின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பீட்டைச் சரியாகச் செய்ய முடியாமல் விகிதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனதைத்தான் குறை சொல்வேன்.

அண்ணன் கிளம்பும்போது அவருடைய மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. பையன் ஓ.எம்.ஆரில் ஒரு அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சம்பளத்தோடு அந்த நிறுவனத்தின் பங்குகளும் தருகிறார்கள், இப்போது ஏறக்குறைய 1 லட்சம் டாலர் மதிப்புக்குச் சேர்ந்திருக்கிறது. "அவன் பொழைச்சிக்குவான்" என்றார். நான் அவரைத் திரும்ப உட்கார வைத்தேன். ஏனென்றால் அண்ணன் வீட்டில் வாரிசு வரி உண்மையிலேயே தொடக்கூடிய ஒரே சொத்து அதுதான்.

அமெரிக்காவில் மத்திய எஸ்டேட் வரிக்கு அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்களுக்கும் விலக்கு வரம்பு மிகப் பெரியது. 2026 முதல் ஆளுக்கு ஒன்றரைக் கோடி டாலர். அதனால் அங்கே வெகு சிலரே அதைக் கட்டுகிறார்கள். ஆனால் அங்கே குடியிருக்காத வெளிநாட்டவருக்கு அந்த வரம்பு 60 ஆயிரம் டாலர்தான். அமெரிக்காவில் பதிவான நிறுவனத்தின் பங்கு, அதை வைத்திருப்பவர் வண்ணாரப்பேட்டையில் இருந்தாலும், அமெரிக்காவில் உள்ள சொத்தாகவே கருதப்படும். எஸ்டேட் வரிக்கு இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வரி ஒப்பந்தம் வருமான வரிக்கு மட்டும்தான்.

பையனுக்கு ஏதாவது ஆகி, 1 லட்சம் டாலர் பங்கு மட்டும் அங்கே இருந்தால் கணக்கு இப்படி வரும். 1 லட்சத்துக்கு அட்டவணைப்படி வரி 23 ஆயிரத்து 800 டாலர். வெளிநாட்டவருக்கான கழிவு 13 ஆயிரம். மீதி 10 ஆயிரத்து 800 டாலர். இறந்த ஒன்பது மாதத்துக்குள் `Form 706-NA` என்ற படிவத்தைக் குடும்பத்தார் தாக்கல் செய்து இதைக் கட்ட வேண்டும். அது முடிந்ததற்கான சான்று வரும் வரை தரகு நிறுவனம் பங்குகளை மாற்றித் தரத் தயங்கும். ஆண்டுதோறும் அந்தப் பங்குகளின் டிவிடெண்டுக்கு அவன் கட்டும் வருமான வரிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஒன்றில் இன்னொன்றைக் கழிக்கவும் முடியாது.

அவனிடம் இரண்டே விஷயம் சொல்லச் சொன்னேன். கைக்கு வந்த பங்குகளை 60 ஆயிரம் டாலருக்குக் கீழே வைத்துக்கொண்டு, மீதியை அவ்வப்போது விற்று இங்கே கொண்டுவரலாம். அமெரிக்கச் சந்தையில்தான் பணம் இருக்க வேண்டும் என்றால், இந்தியாவில் பதிவான மியூச்சுவல் ஃபண்டு வழியாகப் போடலாம். அப்போது அவன் கையில் இருப்பது இந்திய ஃபண்டின் யூனிட், அமெரிக்கப் பங்கு இல்லை. அதுவரை அந்தக் கணக்கின் பெயரும் லாகினும் எந்தத் தரகு நிறுவனம் என்பதும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அப்பா பெயருக்கு வந்த அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் 60,000 என்று எழுதிக்கொண்டார்.